பஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா: சாலைப் பாதுகாப்பு வகுப்புக்கு எந்த நாடகம்?

தொடக்கப் பள்ளிகளில் சாலைப் பாதுகாப்பு நாடகம் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, முழு வசனத்தையும் எழுதி மனப்பாடம் செய்யவைப்பது. மற்றொன்று, பாதி வசனத்தோடு தொடங்கி, ஆபத்து வரும் நொடியில் ஆசிரியர் கைதட்டி நிறுத்திக் கேட்பது. ராமநாதபுரம்–ராமேசுவரம் சாலையில் உச்சிப்புளி, மண்டபம் போன்ற ஊர்களில் தினமும் நடக்கும் ஒரு சங்கதியை, பஸ்ஸை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போவதை, இரண்டு விதத்திலும் வைத்துப் பார்க்கலாம்.

மனப்பாட நாடகத்தில் முனீஸ் என்ற சிறுவன் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடுவான், மீன் வண்டி அடிக்கும், போலீஸ்காரராக வரும் பிள்ளை விதிகளை ஒப்பிப்பான். ஆண்டு விழாவுக்கு இது நன்றாக இருக்கும். வகுப்பில் சிக்கல் எங்கே என்றால், அடிபட்டு விழும் இடத்தில்தான் கைதட்டலும் சிரிப்பும் அதிகம். அடுத்த நாள் இடைவேளையில் பிள்ளைகள் விளையாடிப் பார்ப்பதும் அந்த விழுகையைத்தான். ஐந்து பேர் பேச, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ‘வலது, இடது, மறுபடி வலது’ என்று பிழையில்லாமல் சொல்லும் பிள்ளை, பஸ் மறைத்து நிற்கும்போது தலையைத் திருப்பி என்ன பயன் என்று யோசித்திருக்காது.

நிறுத்திக் கேட்கும் நாடகத்துக்கு ஒரு மைதானம், சுண்ணாம்புத் தூள், ஒரு பழைய சேலை போதும். இருவழிச் சாலைக்கு 7 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். ஓரக் கோட்டை ஒட்டி நான்கு பிள்ளைகள் சேலையை விரித்துப் பிடித்தால் அதுதான் பஸ். மேல் விளிம்பு பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். இடுப்பளவில் பிடித்தால் எல்லாமே தெரிந்துவிடும், பாடமும் போய்விடும்.

(செல்வியும் முனீஸும் இறங்குகிறார்கள். எதிர்ப்பக்கம் அப்பத்தா மீன்கூடையோடு நிற்கிறார்.)

அப்பத்தா: ஏலே முனீசு, இங்கிட்டு நிக்கிறேன், வெரசா வா!

செல்வி: நில்லுடா தம்பி, பஸ் போகட்டும்.

முனீஸ்: அப்பத்தா கூப்பிடுதுக்கா! (பஸ்ஸின் முன்பக்கம் போகிறான்.)

ஆசிரியர்: அப்படியே நில்லுங்க!

இனி வசனம் கிடையாது. பஸ்ஸை முந்தி வரும் மீன் வண்டியாக ஒரு பிள்ளை சேலைக்குப் பின்னாலிருந்து மெதுவாக நடந்து வரட்டும். வண்டியும் முனீஸும் ஒருவரையொருவர் முதலில் பார்க்கும் இடத்தில் இருவரும் கையைத் தூக்க வேண்டும். மிக நெருங்கிய பிறகுதான் கை உயரும். அடுத்து முனீஸ் பஸ்ஸின் பின்பக்கமாக வரட்டும். வலப்பக்கம் இப்போது தெளிவாகத் தெரியும், ஆனால் இடப்பக்கமிருந்து எதிரே வரும் வண்டியைப் பஸ் மறைக்கும். ‘முன்னால் போகாதே, பின்னால் போ’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கடைசியில் பஸ் பிள்ளைகள் சேலையோடு நகர்ந்து போனதும் இரண்டு பக்கமும் திறந்துவிடும்.

கலந்துரையாடலிலும் இதே வேறுபாடு உண்டு. ‘சாலையை எப்படிக் கடக்க வேண்டும்?’ என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் ஒப்பிக்கும், யாருக்குப் புரிந்தது என்று தெரியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

- மீன் வண்டி டிரைவர் முனீஸை முதலில் எங்கே பார்த்தார்? அங்கே போய் நில்லு.
- பஸ் போகும்வரை முனீஸ் எங்கே நிற்கலாம்?
- அப்பத்தா கூப்பிட்டது சரியா? அவர் எந்தப் பக்கம் வந்து நின்றிருக்கலாம்?

பதிலைச் சொல்லாமல் போய் நின்று காட்டச் சொன்னால், அடுத்தவனைப் பார்த்து ஒப்பிக்க முடியாது. மூன்றாவது கேள்விதான் இவற்றில் கனமானது. எதிர்ப்பக்கமிருந்து பெரியவர் கூப்பிட்டால் பிள்ளை சாலையைப் பார்க்காது, கூப்பிட்ட முகத்தைத்தான் பார்க்கும். பிள்ளை இறங்கும் பக்கத்திலேயே வந்து நிற்கும்படி வீட்டில் கேட்டுக்கொள்வதையும் ஒரு சிறு காட்சியாக நடிக்கவைக்கலாம்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஒரு கணக்கும் சேர்க்கலாம். 7 மீட்டரை நடந்து கடக்கச் சொல்லி எண்ணுங்கள். 7 விநாடி ஆகிறது என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். 7 விநாடியில் கிட்டத்தட்ட 120 மீட்டர். தூரத்தில் பொட்டாகத் தெரிந்த வண்டி, பிள்ளை கடந்து முடிப்பதற்குள் பக்கத்தில் வந்துவிடுவது இதனால்தான். சிறு பிள்ளைகளுக்கு வண்டியின் தூரம் பிடிபடும் அளவுக்கு வேகம் பிடிபடாது.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு மட்டும் மனப்பாட நாடகம் மேல். திடீரென்று நிறுத்தினால் அந்த வயதுப் பிள்ளைகள் திகைத்து நின்றுவிடும். நான்கைந்து வரி போதும், அதிலும் அடிபடும் காட்சி வேண்டாம். செல்வி தம்பி கையைப் பிடித்து நிறுத்துவதோடு காட்சி முடியட்டும். மற்ற வகுப்புகளுக்கு நிறுத்திக் கேட்பதே சரி, ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு பாடவேளையில் ஒரே காட்சியை மூன்று முறை ஓட்டலாம், இரண்டாவது காட்சிக்கு ஆசைப்பட்டால் கேள்விகள் அடிபடும். சுண்ணாம்புக் கோட்டை விட்டு உண்மையான சாலையோரத்தில் ஒத்திகை பார்ப்பதை மட்டும் எந்த வகுப்புக்கும் செய்ய வேண்டாம்.