பதிவு செய்த பாடங்களும் mpv விசைகளும்: மூன்று ஆண்டு அனுபவம்

பதிவு செய்யப்பட்ட கணிதப் பாடங்களை மூன்று ஆண்டுகளாக mpv பிளேயரில்தான் பார்த்து வருகிறேன். பொத்தான்கள் அதிகம் இல்லாத அதன் திரை முதலில் தயக்கத்தைத் தந்தாலும், விசைகள் கைக்குப் பழகிய பிறகு சுட்டியைத் தொடவே தேவையில்லாமல் போயிற்று.

வேகத்தைக் கூட்ட `]`, குறைக்க `[`, இயல்புக்குத் திரும்ப Backspace. ஆனால் ஒவ்வொரு அழுத்தமும் இருக்கும் வேகத்தை 1.1 ஆல் பெருக்குவதால், நான்கு முறை அழுத்தினால் 1.4 கிடைக்காமல் 1.46 கிடைக்கிறது. சீரான படிகளை விரும்பியதால் `input.conf` கோப்பில் இப்படி மாற்றிக்கொண்டேன்:

```
[ add speed -0.1
] add speed 0.1
```

ஆசிரியர் கரும்பலகையை அழிப்பதற்கு முந்தைய கணத்தைப் பிடிக்க, ஒரு சட்டகம் முன்னே நகர்த்தும் `.` விசையும் பின்னே நகர்த்தும் `,` விசையும் உதவுகின்றன. பின்னே செல்வது மட்டும் மந்தமாக இருக்கும். ஏனெனில் பிளேயர் முந்தைய முழுச் சட்டகத்துக்குப் போய், அங்கிருந்து மீண்டும் படத்தை விரித்துக்கொண்டு வர வேண்டும். ஆகவே நான் Shift+← மூலம் ஒரு நொடி பின்னால் போய், `.` விசையால் முன்னே வருகிறேன்.

எனக்கு அதிகம் பயன்பட்டவை சப்டைட்டில் விசைகளே. ஒரு பாடத்தில் முகப்புக் காட்சியை வெட்டிவிட்டுப் பழைய சப்டைட்டில் கோப்பையே இணைத்திருந்ததால், வரிகள் ஏறத்தாழ ஒன்பது நொடி தாமதமாக வந்தன. `z` விசை ஒரு முறைக்கு 0.1 நொடிதான் வரிகளை முன்னே இழுக்கும். தொண்ணூறு முறை அழுத்த யாருக்குப் பொறுமை இருக்கும்? அதற்குப் பதிலாக, பேச்சில் ஒரு வாக்கியம் தொடங்கிய இடத்தில் நிறுத்தி, அதே வாக்கியம் திரையில் வரும் வரை Ctrl+Shift+→ அழுத்தினேன். மூன்றே அழுத்தத்தில் வரி பொருந்தியது. எஞ்சிய சிறு பிசகை `z`, `Z` விசைகளால் சரிசெய்தேன்.

நாற்பதாம் நிமிடத்தில் வரிகள் மீண்டும் பிசகின. பிசகு நேரத்தோடு சீராக வளர்ந்தால் சப்டைட்டில் ஓடும் வேகமே பொருந்தவில்லை என்று பொருள். அதற்குத் தாமத விசைகள் உதவா, `sub-speed` அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். இங்கோ முப்பத்தெட்டாம் நிமிடம் வரை எல்லாம் சரியாக இருந்து, இடைவேளைக்குப் பிறகு பிசகு ஒரே தாவலாக வந்திருந்ததால், நடுவிலும் வெட்டு விழுந்திருப்பது தெரிந்தது. அந்த இடத்தில் மறுபடியும் அதே முறையில் பொருத்தினேன். தாமதத்துக்கு ஒரே ஒரு மதிப்புதான் உண்டு என்பதால், முன்பகுதிக்குத் திரும்பினால் அதையும் பழையபடி மாற்ற வேண்டியிருக்கிறது.

வரிகள் பொருந்திவிட்டால் Ctrl+← விசையின் அருமை புரியும். வெறும் ← ஐந்து நொடி பின்னே தாவிச் சொல்லின் நடுவில் விடும். இதுவோ சப்டைட்டில் வரியின் தொடக்கத்துக்கே கொண்டுபோகும். புரியாத நிறுவல் ஒன்றை நான்கைந்து முறை கேட்க இதைத்தான் பயன்படுத்துகிறேன். படிப்பை முடிக்கும்போது Shift+Q அழுத்தினால் நின்ற இடம், வேகம், சப்டைட்டில் தாமதம் மூன்றும் மறுநாள் அப்படியே திரும்பக் கிடைக்கின்றன.