ஒன்பது நகரக் கோயில்களும் ஒரே சார்ஜும்: ஆஃப்லைன் வரைபடத்துடன் மூன்று ஆண்டுகள்

காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மதுரையிலோ திருச்சியிலோ விமானம் இறங்கி வருபவர்களை ஏற்றிக்கொண்டு செட்டிநாட்டு ஊர்களைச் சுற்றிக் காட்டுவது என் தொழில். நகரத்தார் குடும்பங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தால் பெரும்பாலும் தங்கள் குலப் பிரிவுகளுக்குரிய ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் தரிசித்துவிட வேண்டும் என்பார்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. பிள்ளையார்பட்டிக்கு வழி கேட்கத் தேவையில்லை. மற்றவை அப்படி அல்ல. பெரிய சாலையை விட்டுக் கண்மாய்க் கரைகளின் ஓரமாக உள்ளே போக வேண்டும், நண்பகலில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேரவும் வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு நாளில், மாலை மூன்றரை மணிக்கு என் போன் அணைந்துவிட்டது. காலை முழுவதும் சார்ஜர் கம்பி செருகியே இருந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. கம்பியைச் செருகியிருந்தது பழைய காரின் பாட்டுப் பெட்டியில் இருக்கும் யுஎஸ்பி துளையில். அது தருவது அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். திரை முழு வெளிச்சத்தில் எரிய, வரைபடம் ஓட, பலவீனமான சிக்னலைத் தேடி ரேடியோ உழைக்க, போன் அதற்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தது. அதோடு போனை முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். லித்தியம் பேட்டரி சுமார் 45 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் போனே சார்ஜ் ஏறுவதைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். சித்திரை வெயில் நேராக விழும் கண்ணாடியில் அந்த வெப்பம் பத்து நிமிடத்தில் வந்துவிடும். இப்போது போன் ஏசி காற்று வரும் துளைக்கு முன்னால் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வாரம், சவாரி இல்லாத நேரங்களில் காரைக்குடி - திருப்பத்தூர் சாலையில் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் ஓட்டி, எவ்வளவு சார்ஜ் இறங்குகிறது என்று குறித்துவந்தேன். என் போனின் பேட்டரி 5,000 எம்ஏஎச். முழு வெளிச்சமும் மொபைல் டேட்டாவும் இருந்தபோது மணிக்கு 15 சதவீதம் இறங்கியது. வெளிச்சத்தைப் பாதியாக்கியதும் 11 ஆனது. திரையை அணைத்து, டேட்டாவையும் நிறுத்தி, குரலை மட்டும் கேட்டு ஓட்டியபோது நான்கு அல்லது ஐந்து. எல்லோரும் சொல்லும் கருப்பு நிறத் தோற்றத்தையும் சோதித்தேன். என் போனில் வித்தியாசமே தெரியவில்லை. அது எல்சிடி திரை. படம் கருப்பாக இருந்தாலும் பின்னால் உள்ள விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக ஒளிர்வதால் கருப்புப் புள்ளிக்கு மின்சாரம் தேவையில்லை. அதிலும் பயன் வெளிச்சத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஓஎல்இடி போன்களை அளந்தபோது, முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை மிச்சமானது. வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது 3 முதல் 9 சதவீதம்தான். நம் ஊர் நண்பகல் வெயிலில் கருப்பு வரைபடத்தில் சிறிய சாலைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பயணத்துக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன்.

ஆகவே என் முறை திரையை அணைத்துவிட்டு ஓட்டுவதுதான். வழிகாட்டுதலைத் தொடங்கிவிட்டுப் பவர் பொத்தானை அழுத்தினால் திரை அணையும், குரல் தொடரும். திருப்பத்தில் சந்தேகம் வந்தால் அதே பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும். பூட்டைத் திறக்காமலே வரைபடம் தெரியும். கிராமத்தில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு சந்துகள் இருந்தால் இது கட்டாயம் தேவைப்படும், ஏனென்றால் ஜிபிஎஸ் காட்டும் இடமே சில மீட்டர் தள்ளி இருக்கலாம்.

இந்த முறை என்னைக் கைவிட்டதும் உண்டு. முதல் வாரத்தில் திரையை அணைத்த சில நிமிடங்களில் குரல் நின்றுபோனது. நேமம் திரும்பும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் அமைதியைக் கவனித்தேன். பேட்டரி மிச்சமாகட்டும் என்று போனின் பேட்டரி சேமிப்பு முறையையும் போட்டுவைத்திருந்தேன். சில போன்களில் அந்த முறை, திரை அணைந்ததும் இருப்பிடம் அறியும் சேவையையும் நிறுத்திவிடும். அதை எடுத்துவிட்டு, போனின் அமைப்புகளில் வரைபடச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய் Unrestricted என்று மாற்றினேன். இன்றுவரை மீண்டும் அந்தச் சிக்கல் வரவில்லை. போனில் தமிழ்க் குரலையும் முன்பே தரவிறக்கி வைத்திருக்கிறேன். புது அமைப்பை மாற்றும் எவரும் வீட்டுத் தெருவைச் சுற்றிப் பத்து நிமிடம் திரையை அணைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு நெடுந்தூரம் போவது நல்லது.

வரைபடத்தைத் தரவிறக்குவது எளிது. கூகுள் மேப்ஸில் நம் படத்தைத் தொட்டு Offline maps, பிறகு Select your own map என்று போனால் ஒரு கட்டம் வரும். நான் முதலில் காரைக்குடியைச் சுற்றி மட்டும் சின்னதாகக் கட்டம் போட்டேன். திருச்சி விமான நிலையத்தில் நின்றுகொண்டு வழி கேட்டபோது எதுவும் வரவில்லை. கிளம்பும் இடம், சேரும் இடம், நடுவில் உள்ள சாலை எல்லாம் கட்டத்துக்குள் இருந்தால்தான் இணையம் இல்லாமல் வழி கணக்கிட முடியும். இப்போது என் கட்டம் வடக்கே திருச்சியையும் மேற்கே மதுரையையும் உள்ளடக்கியது. வைஃபை கிடைக்கும்போது தரவிறக்கிக்கொள்கிறேன். தரவிறக்கிய வரைபடத்துக்குக் காலாவதி உண்டு என்பதால், மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வைஃபையில் புதுப்பித்துவிடுகிறேன்.

ஆஃப்லைனில் பெயரைத் தட்டித் தேடுவதை மட்டும் நம்ப வேண்டாம். மாத்தூர் என்று தேடினால் திருச்சி - புதுக்கோட்டை சாலையில் உள்ள தொழிற்பேட்டை மாத்தூரும் இருக்கிறது. ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். முந்தைய இரவு இணையம் இருக்கும்போதே ஒன்பது கோயில்களையும் கண்டுபிடித்துக் குறியிட்டுச் சேமித்துவைத்தால், மறுநாள் தொட்டால் போதும்.

வீடுகளுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். கானாடுகாத்தானில் ஒருமுறை வரைபடம் சொன்னபடி நிறுத்தினேன். பின்னால் இருந்த ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பின்கட்டு வாசல். முன்வாசல் அடுத்த தெருவில் அல்லவா இருக்கிறது?" என்றார். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பில் தொடங்கி, வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டு அடுத்த தெருவில் முடியும். குறி வீட்டின் நடுவில் விழுந்தால், எந்தத் தெரு அதற்கு நெருக்கமோ அங்கேதான் வரைபடம் கொண்டுபோய் நிறுத்தும். அன்றிலிருந்து குறியைக் கட்டடத்தின் மேல் வைப்பதில்லை. விரலை அழுத்திப் பிடித்து, முகப்பு இருக்கும் தெருவின் மேலேயே வைக்கிறேன்.

டேட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண வரைபடம் டேட்டாவை அதிகம் தின்பதில்லை. ஒரு மணி நேர வழிகாட்டுதலுக்கு என் போனில் பத்து எம்பிகூட ஆனதில்லை. செயற்கைக்கோள் படத்தைப் போட்டால்தான் அது பல மடங்காகும், ஏனென்றால் அப்போது வருவது கோடுகள் அல்ல, புகைப்படங்கள். ஆனால் டேட்டா திறந்திருந்தால் மற்றச் செயலிகள் பின்னால் புகைப்படங்களை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கும். எனக்குக் கரைந்தது பெரும்பாலும் அங்கேதான். சிக்னல் பலவீனமான ஊர்களில் போன் அதிக சக்தியுடன் செல்போன் கோபுரத்தைத் தொட முயல்வதால், அதே வேலைக்குப் பேட்டரியும் கூடுதலாகப் போகும். டேட்டாவை மட்டும் நிறுத்தினால் அழைப்புகள் வரும். விமானப் பயன்முறை இன்னும் மிச்சப்படுத்தும், அதிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் கோயிலுக்குள் போனவர்கள் என்னைக் கூப்பிட வேண்டுமே. அதனால் நான் டேட்டாவை நிறுத்துவதோடு சரி.

நிறுத்துவதற்கு முன் ஒன்றைச் செய்கிறேன். டேட்டா இருக்கும்போதே வரைபடத்தைத் திறந்து நீலப்புள்ளி நிலைகொள்ளும்வரை காத்திருக்கிறேன். செயற்கைக்கோள்கள் தங்கள் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில், 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகின்றன. இணையம் இருந்தால் போன் அந்த விவரத்தைக் கோபுரம் வழியாக உடனே பெற்றுவிடும். இல்லையென்றால் வானத்திலிருந்து பொறுமையாகக் கேட்டு வாங்க வேண்டும். ஓடும் காரில், புளியமரங்களுக்கு அடியில், அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும்.

சென்ற மாதம் மலேசியாவிலிருந்து வந்த குடும்பத்துடன் போன நாளின் கணக்கு இது. காலை ஆறு மணிக்கு 98 சதவீதம். இளையாத்தங்குடியில் தொடங்கி ஐந்து கோயில்கள் முடிந்து நடை சாத்தும் நேரத்தில் 78. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான்கு மணிக்கு மீண்டும் கிளம்பும்போது 76. மாலையில் மாத்தூரும் பக்கத்திலேயே இருக்கும் இலுப்பைக்குடியும் உட்பட நான்கு கோயில்கள். இருட்டிய பிறகு சந்துகளில் அடிக்கடி திரையைத் திறந்து பார்த்தேன். ஏழரை மணிக்கு விடுதி வாசலில் 60. கம்பியைச் செருகவே இல்லை.

இந்த ஏற்பாட்டை நான் ஒதுக்கிவைக்கும் காலம் தை மாதம். பழனிக்குக் காவடியுடன் நகரத்தார் நடைப்பயணம் குன்றக்குடி வழியாகப் போகும் நாட்களில் சாலையின் ஒரு பக்கம் முழுவதும் மனிதர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். ஆஃப்லைன் வரைபடத்துக்கு நெரிசல் தெரியாது, மாற்றுப் பாதையும் சொல்லாது. அந்த நாட்களில் டேட்டாவைத் திறந்தே வைத்துக்கொண்டு, கிளம்புமுன் வழியில் உள்ள தேநீர்க் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். பேட்டரி போகட்டும் என்று காரில் ஒரு பவர் பேங்க் இருக்கும்.