விளம்பரத்தில் ஒன்று, போனில் இன்னொன்று: எந்த வழியில் கேட்டுத் தெளிவது?

விளம்பரத்தில் ஒரு சம்பளம் இருக்கும். ஆள் எடுப்பவர் போனில் வேறொன்று சொல்வார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நம்மவர்கள் போகும் வழி நாலுதான்: திரும்பப் போன் எடுப்பது, வாட்ஸ்அப்பில் எழுதுவது, ஈமெயில் போடுவது, நேர்முகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. நாலும் ஒன்றல்ல. என் சித்தியின் மகளுக்கு வந்த வேலையையே எடுத்துப் பார்ப்போம்.

அவள் ஆரையம்பதி. ஒரு நிறுவனத்தின் மட்டக்களப்புக் கிளைக்குக் கணக்கு உதவியாளர் தேவை என்று பேஸ்புக்கில் விளம்பரம். மாதம் 60,000 ரூபா, ஊழியர் சேமலாப நிதி உண்டு, வேலை மட்டக்களப்பில். போனில் பேசிய மிஸ் சொன்னது: அடிப்படைச் சம்பளம் 32,000, வரவுக் கொடுப்பனவு 8,000, மிச்சம் 20,000 மாத இலக்கை எட்டினால். முதலில் கொஞ்ச நாள் அம்பாறையில் நிற்க வேண்டும்.

இந்த இடைவெளி எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். 60,000 முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றால், சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 சதவீதம், அதாவது 4,800 போக, 55,200 கையில் வரும். போனில் சொன்ன கணக்கில் இலக்கை எட்டாத மாதம் மொத்தம் 40,000. அதில் அடிப்படை 32,000க்கு உரிய 2,560ஐக் கழித்தால் 37,440தான். நிறுவனம் போடும் 12 சதவீதமும் 7,200இல் இருந்து 3,840க்கு இறங்கிவிடும். இதில் சட்டத்தை மீறியதாகவும் சொல்ல முடியாது. 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000. 32,000 அதற்கு மேல்தான். ஆகவே தொழில் திணைக்களத்துக்கு ஓடுவதற்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. கேட்டுத் தெளிவது ஒன்றுதான் வழி.

திரும்பப் போன் எடுப்பது விரைவு. மறுபக்கத்தில் இருப்பவரின் தயக்கமும் காதில் விழும். ஆனால் இலக்கங்கள் போனில் நிற்காது. “அதெல்லாம் சேர்த்து அறுபது வரும்” என்ற பதிலை வைத்து என்ன செய்ய? எடுப்பவர் கொழும்பில் இருந்து அரைகுறைத் தமிழில் பேசினால் அடிப்படையும் மொத்தமும் கலந்தே போகும். ஒலிப்பதிவு செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். பதிவாகிறது என்று சில போன்கள் மறுபக்கத்துக்கே அறிவித்துவிடும், பிறகு அந்தப் பேச்சு சுவரோடு பேசுவது போலத்தான்.

நேர்முகம் வரை பொறுப்பது மரியாதையாகத் தெரியும், ஆனால் எனக்கு அது பிடிக்காது. எதிரே இரண்டு மூன்று பேர் இருக்கும்போது “விளம்பரத்தில் இப்படிப் போட்டிருந்தீர்களே” என்று தொடங்கினால் சண்டைக்கு வந்தவர் போல ஆகிவிடும். அதற்குப் பிறகும் காத்திருப்பது இன்னும் மோசம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டியது வேலைக்குச் சேரும் நாளில். அந்தக் கடிதம் கைக்கு வரும்போது பழைய வேலையை விட்டாகியிருக்கும்.

ஈமெயில் நல்ல பதிவு. தேதி, பெயர், நிறுவன முகவரி எல்லாம் இருக்கும். பெரிய நிறுவனங்களுக்கு இதுவே பொருத்தம். ஆனால் எங்கள் பக்கத்துக் கிளை வேலைகளுக்கு ஆள் எடுப்பவர் பெரும்பாலும் கையில் இருக்கும் போனிலிருந்தே வேலையை முடிப்பவர். ஈமெயிலுக்குப் பதில் வருமுன் நேர்முகம் முடிந்துவிடும்.

சரி, மிச்சம் வாட்ஸ்அப். முதல் அடிக்கு என் தெரிவு இதுதான். ஒரு நிபந்தனை: எழுதுவதற்கு முன் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பேஸ்புக் பதிவைத் திருத்தவும் அழிக்கவும் அவர்களால் முடியும். அந்த உரையாடலில் மறையும் மெசேஜ் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் வரும் பதிலையும் அப்படியே எடுத்து வையுங்கள். வொய்ஸில் பதில் வந்தால், கேட்டு, அதில் சொன்ன இலக்கங்களை எழுத்தில் திருப்பி அனுப்பி “சரிதானே மிஸ்?” என்று கேட்பது போதும்.

தங்கச்சி அனுப்பியது இது:

“வணக்கம் மிஸ். இன்று காலை கணக்கு உதவியாளர் வேலை பற்றிக் கதைத்தீர்கள், நன்றி. நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார்க்கத்தான் எழுதுகிறேன். விளம்பரத்தில் மாதம் 60,000, இடம் மட்டக்களப்பு என்று உள்ளது. நீங்கள் அடிப்படை 32,000, வரவு 8,000, இலக்குக்கு 20,000 என்றும், முதலில் அம்பாறை என்றும் சொன்னீர்கள். நியமனக் கடிதத்தில் எது வரும்? அம்பாறையில் எவ்வளவு காலம்?”

இதில் குற்றச்சாட்டு இல்லை. இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முக்கியமான கேள்வி நியமனக் கடிதம் பற்றியது, ஏனென்றால் கடைசியில் கையெழுத்து வைப்பது அதில்தான். “ஏன் மாற்றிச் சொன்னீர்கள்?” என்று கேட்டால் விளக்கம்தான் வரும். “கடிதத்தில் எது?” என்று கேட்டால் இலக்கம் வர வேண்டும். இலக்கம் வராமல் “நேரில் வாங்க, பேசலாம்” என்று மட்டும் வந்தால், அல்லது நீல டிக் விழுந்து இரண்டு வேலை நாளாகியும் பதில் இல்லையென்றால், அந்த ஆளை விட்டுவிட்டு நிறுவனத்தின் பொது இலக்கத்துக்கே எடுத்துக் கேட்கலாம். நடுவில் நிற்கும் முகவருக்குத் தனக்குச் சொல்லப்பட்டதுதான் தெரியும்.

அடுத்த நாள் பதில் வந்தது. மிஸ்ஸின் கையில் ஒரே நிறுவனத்தின் இரண்டு வேலைகள் இருந்திருக்கின்றன. இலக்கு வைத்த சம்பளம் விற்பனை அலுவலருக்கு உரியது. கணக்கு உதவியாளருக்கு அடிப்படை 45,000, வரவு 5,000. அதாவது 3,600 கழித்துக் கையில் 46,400. விளம்பரத்தின் 60,000 விற்பனையில் ஆகக்கூடிய தொகையாம். இரண்டு வேலைக்கும் பொதுவாக ஒரே படத்தில் போட்டுவிட்டார்கள். இந்த மாதிரிக் கலப்படம் ஏமாற்றைவிட அதிகம் நடக்கிறது என்பது என் எண்ணம். அம்பாறை மட்டும் உண்மை: மூன்று மாதப் பயிற்சி.

இந்த இடத்தில்தான் போன் உதவும். தங்க இடம் உண்டா, பஸ் காசு யார் தருவது, சனிக்கிழமை முழு நாளா போன்ற கேள்விகளுக்கு ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைக்கும். எழுதி எழுதி முடியாது. ஆரையம்பதியிலிருந்து கல்முனை தாண்டி, காரைதீவில் திரும்பி, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குத் தினமும் போய்வருவது பஸ்ஸிலேயே பாதி நாள். அவள் எடுத்துக் கேட்டாள். தங்க இடம் இல்லை, பயணக் கொடுப்பனவாக மாதம் 10,000 என்றார்கள். வைத்த கையோடு அதையும் ஒரு வரியாக வாட்ஸ்அப்பில் போட்டு “சரி” வாங்கிக்கொண்டாள்.

வெளிநாட்டு வேலையென்றால் இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே முதல் கேள்வி முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்றவரா என்பது. அதை 1989க்கு எடுத்துக் கேட்ட பிறகுதான் சம்பளப் பேச்சு.

நியமனக் கடிதத்தில் சம்பளம் சொன்னபடியே வந்தது. வேலை இடத்துக்கு மட்டும் “மட்டக்களப்பு அல்லது நிறுவனம் தீர்மானிக்கும் வேறு கிளை” என்று வழக்கமான வரி. மாற்றித் தர மாட்டோம், எல்லோருக்கும் இதே கடிதம்தான் என்றார்கள். அவள் ஈமெயில் கேட்டாள். பயிற்சி மூன்று மாதம், அதன் பின் மட்டக்களப்புக் கிளை என்று மனிதவளப் பிரிவிலிருந்து இரண்டு வரி வந்தது. அதை அச்செடுத்துக் கடிதத்தோடு பின் அடித்து வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.