காலை வணக்கம்: பூஜையறையிலா, மொட்டைமாடியிலா?

காலையில் எழுந்ததும் பூஜையறையில் விளக்கேற்றிக் கும்பிடுவது ஒரு வழி; மொட்டைமாடிக்கோ முற்றத்துக்கோ சென்று கிழக்கு நோக்கி நின்று சூரியனைக் கும்பிடுவது இன்னொரு வழி. இரண்டையும் செய்துவரும் வீடுகள் உண்டு என்றாலும், அவசரமான வாழ்க்கையில் பெரும்பாலோருக்கு ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. பல ஆண்டுகள் விளக்கின் முன் நின்றுவிட்டு, பிறகு சூரியனுக்கு மாறியவன் நான். இரண்டில் எது புண்ணியம் என்பது இங்கே பேச்சல்ல. அன்றைய மனநிலைக்கு எது கூடுதலாக உதவுகிறது என்பதை மட்டுமே ஒப்பிடுகிறேன். என் சாய்வு சூரியன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை விரிக்கத் தேவையில்லை. கைகூப்பிச் சில நிமிடம் நிற்பதும், கைப்பேசியைத் தொடுவதற்கு முன் மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், நன்றி சொல்வதும் இரண்டிலும் ஒன்றுதான். செலவும் பராமரிப்பும் சூரியனுக்கு இல்லை. விளக்குக்குத் திரியும் எண்ணெயும் வேண்டும். நேற்றைய பூவை எடுத்துப் புதுப்பூ சாத்த வேண்டும். வாரம் ஒருமுறையாவது எண்ணெய்ப் பிசுக்குப் போக விளக்கைத் துலக்க வேண்டும். அந்த வேலையிலேயே மனம் அமைதியடைபவர்களும் இருக்கிறார்கள் என்பதால், இதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: கண்ணுக்குள் போகும் வெளிச்சம். நம் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் ஒரு சுற்று, சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீண்டது. அதனால் அதை அன்றாடம் சற்று முன்னே தள்ளித் திருத்தியாக வேண்டும். அந்தத் திருத்தத்தைச் செய்வதில் காலை வெளிச்சத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. விழித்திரையில் காட்சியைப் பார்ப்பதற்கென்று அல்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளையின் கடிகாரப் பகுதிக்குத் தெரிவிப்பதற்கென்றே சில நரம்பணுக்கள் இருப்பது 2002ஆம் ஆண்டை ஒட்டி உறுதியானது. அவற்றுக்கு நல்ல வெளிச்சம், அதுவும் நின்று நிலைக்கும் வெளிச்சம் வேண்டும். அது காலையில் கிடைத்துவிட்டால் பகலில் தெளிவும், இரவில் உரிய நேரத்தில் தூக்கமும் வருகின்றன. தூக்கம் ஒழுங்காக இருப்பவருக்குக் காரணமில்லாத எரிச்சலும் சோர்வும் குறைகின்றன. சூரிய வணக்கத்தால் மனநிலைக்குக் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் வருகிறது என்பது என் கணிப்பு.

வெளிச்சத்தின் அளவை லக்ஸ் கணக்கில் பார்த்தால் வேறுபாடு துலங்கும். ஐந்து முகமும் ஏற்றிய குத்துவிளக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணுக்குச் சில லக்ஸ்தான் கிடைக்கும். பூஜையறையின் மின்விளக்கையும் போட்டால் நூறு, இருநூறு என்ற அளவு. வானம் தெளிந்த நாளில், சூரியன் எழுந்து அரைமணி நேரம் கழித்துத் திறந்த மாடியில் நின்றால் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. மேகம் மூடிய காலையிலும் அது அறைவிளக்கைவிடப் பல மடங்கு. வீட்டுக்குள் இருக்கும்போது கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை போதுமான வெளிச்சத்துடன் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இந்த வேறுபாட்டை எளிதில் உணர முடிவதில்லை.

எப்படிச் செய்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். அன்று சூரியன் 6:15க்கு எழுவதாகக் கொள்வோம். விளிம்பு தெரிந்த அந்த நொடியிலேயே கும்பிட்டுவிட்டு 6:18க்கு உள்ளே திரும்பிவிடுகிறவருக்குச் சில நூறு லக்ஸ், அதுவும் மூன்றே நிமிடம். பார்க்க அழகான காட்சி என்றாலும் உடல் கடிகாரத்துக்கு அது போதாது. அவரே 6:40க்கு மாடிக்கு வந்து, கையில் அள்ளிய நீரை விட்டு, தெரிந்த துதியை நிதானமாகச் சொல்லி, சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளைச் சில சுற்றுகள் செய்து, 7 மணிக்கு இறங்கினால் இருபது நிமிட வெளிச்சம் கண்ணுக்குக் கிடைத்துவிடுகிறது. மேகமூட்டமான நாளில் இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். சூரியன் நேரே தெரிய வேண்டும் என்பதில்லை. மேற்குப் பார்த்த பால்கனியானாலும் திறந்த வானம் கண்ணில் பட்டால் போதும். மூடிய சன்னலுக்குப் பின்னால் நிற்பது இதற்கு ஈடாகாது, ஏனென்றால் அங்கே வானத்தின் சிறு துண்டுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இதில் வரும் பெரிய ஆபத்து பக்தி மிகுதியால் சூரியனை உற்றுப் பார்ப்பது. விழித்திரையின் நடுப்பகுதி வெந்துபோகும்போது வலி தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவே ஒரு மங்கல் தெரியும், சிலருக்கு அது முழுவதும் மறைவதே இல்லை. கையிலிருந்து விழும் நீர்த்தாரை வழியே பார்த்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தண்ணீர் அப்படிக் காப்பதில்லை. முகம் கிழக்கே இருக்கட்டும், பார்வை தாழ்ந்து நீரிலோ தரையிலோ இருக்கட்டும்.

வெளிச்சத்தோடு சேர்ந்து இன்னொன்றும் கிடைக்கிறது. விளக்கை ஆறு மணிக்கும் ஏற்றலாம், பத்து மணிக்கும் ஏற்றலாம். சாமி கோபித்துக்கொள்ளாது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு நேரத்தைத் தள்ளுவோம். சூரியன் அப்படிக் காத்திருப்பதில்லை. தமிழ்நாட்டில் சூரியன் எழும் நேரம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள்தான் முன்பின் நகர்கிறது. ஆகவே சூரியனைக் கும்பிடுகிறவர் எழும் நேரம், விடுமுறை நாளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. வணக்கம் பலன் தருகிறதா என்பதை அன்றைய காலை உற்சாகத்தை வைத்துக் கணிக்க வேண்டாம். சில வாரங்களில் இரவுத் தூக்கம் முன்னைவிடச் சீக்கிரம் வருகிறதா, அலாரத்துக்கு முன்பே விழிப்பு வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பூஜையறையின் பக்கமும் வலுவான வாதங்கள் உண்டு. நீண்ட வரிகளை ஒரே மூச்சில் ஓதும்போது, நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது வரை இருக்கும் மூச்சு ஆறை ஒட்டி இறங்குகிறது. அதனால் படபடப்பு தணிகிறது. ஆனால் அதே துதியை மாடியிலும் ஓதலாம், வெளிச்சத்தைத்தான் பூஜையறைக்குள் கொண்டுவர முடியாது. என் சாய்வுக்கு இதுவே அடிப்படை. மாடிக்குக் கொண்டுபோக முடியாதது ஒன்று உண்டு: சிறுவயது முதல் பார்த்துப் பழகிய அந்தத் திருமுகம். வீட்டில் இழப்பு நேர்ந்த நாட்களிலும், முடிவு தெரியாமல் தவிக்கும் நாட்களிலும் மனம் தேடுவது வெளிச்சத்தை அல்ல, சொல்லி அழ ஒரு முகத்தை. அத்தகைய நாட்களில் எதை விடலாம் என்று யாருக்கும் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. நான் அப்போது விளக்கின் முன்தான் போய் நின்றேன்.

இரவுப்பணி முடிந்து காலையில் படுக்கப் போகிறவருக்கு நான் சொன்னது பொருந்தாது. அந்த வெளிச்சம் அவர் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால், விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் படுப்பதே அவருக்கு நல்லது. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் இதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது. மனம் அளவுமீறிப் பொங்குவதும் பிறகு தாழ்வதுமான நோய் உள்ளவருக்கு மிகுந்த வெளிச்சம் அந்தப் பொங்குதலைத் தூண்டக்கூடும் என்பதால், அவர் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. மற்றவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்பினால், எழுந்ததும் விளக்கேற்றி ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டு, மீதி நேரத்தை முழுவதும் மாடிக்கு ஒதுக்கலாம். அடைமழை நாளில் மாடிக்குப் பதில் கூரையுள்ள திறந்த வாசல் போதும்.