வெள்ளாமைக் காசு: வைப்பில் போடுவதா, கடனில் கழிப்பதா?

பெரும்போக நெல்லை விற்ற பணம் கைக்கு வந்ததும் படுவான்கரையில் பலர் அதை ஆறு மாத நிலையான வைப்பில் போடுகிறார்கள். அதே ஆள் அதே வங்கியில் வீட்டுக் கடனுக்கும் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். வைப்புக்கு 8 வீதம் வாங்கிக்கொண்டு கடனுக்கு 12 வீதம் கொடுப்பது என்ன கணக்கு என்று மெல்போர்னில் இருந்து வந்த மச்சான்மார் கேட்பதுண்டு. அங்கே வீட்டுக் கடனோடு ஒரு சேமிப்புக் கணக்கை இணைத்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் கிடக்கும் பணத்தை ஒவ்வொரு நாளும் கடன் நிலுவையில் இருந்து கழித்து, மிச்சத்துக்கு மட்டும் வட்டி போடுவார்கள். பணம் நம்முடையதாகவே இருக்கும். வேண்டிய நாளில் எடுக்கலாம். ஓப்செட் கணக்கு என்பது இதுதான்.

கேட்டவுடன் மறுபேச்சில்லாத இலாபம் போலத் தெரியும். மச்சான்மார் சொல்ல மறப்பது, இந்த வசதியுள்ள கடனின் வட்டி வீதம் சாதாரணக் கடனைவிடச் சற்றுக் கூடுதலாகவோ ஆண்டுக் கட்டணத்தோடோ வருவதே வழக்கம் என்பதை. எல்லாம் அந்தக் கூடுதலில்தான் தங்கியிருக்கிறது.

ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். மானாவாரி வயல், ஆண்டுக்கு ஒரு போகம் மட்டும். வீட்டுக் கடன் நிலுவை 40 இலட்சம் ரூபா, வட்டி 12 வீதம். மார்ச் முடிவில் நெல் விற்று 12 இலட்சம் சேர்கிறது. ஒக்டோபர் பிறந்ததும் உழவுக் கூலி, விதைநெல், உரம் என்று அது கரையத் தொடங்கும். ஆக, அந்தப் பணம் சும்மா இருப்பது ஆறு மாதம். வீதங்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் கிளை சொல்லும் வீதத்தைப் போட்டு மீண்டும் பெருக்கிப் பாருங்கள். தவணையால் முதல் குறைவதையும் எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.

நிலையான வைப்பில் 8 வீதத்துக்குப் போட்டால் ஆறு மாதத்தில் 48,000 ரூபா வரும். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதத்தை வரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதால் கைக்கு வருவது 43,200. அதே 12 இலட்சத்தை 12 வீதக் கடனுக்கு எதிராக வைத்தால் மிச்சமாகும் வட்டி 72,000. இதில் வரியும் இல்லை. கட்டாத வட்டி வருமானம் ஆகாது. வித்தியாசம் 28,800 ரூபா.

இதோடு நிறுத்தினால் ஓப்செட்தான் வென்றது. ஆனால் இணைத்த கடனின் வீதம் 12 அல்ல, 12.75 என்று வையுங்கள். பணம் இருக்கும் ஆறு மாதம் 28 இலட்சத்துக்கு 1,78,500 ரூபா வட்டி. பணம் வயலுக்குள் போய்விட்ட ஆறு மாதம் முழு 40 இலட்சத்துக்கும் 2,55,000. ஆண்டுக்கு மொத்தம் 4,33,500. சாதாரணக் கடனில் 4,80,000 கட்டி, வைப்பு வட்டி 43,200 வாங்கினால் நிகரச் செலவு 4,36,800. ஆண்டு முழுக்கக் கண்ட இலாபம் 3,300 ரூபா. ஒரு மூடை உரத்துக்கே போதாது.

வருமானம் வரி எல்லைக்குக் கீழே இருப்பவர் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அந்த 10 வீதத்தைப் பிடிக்காமல் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தவருக்கு வைப்பில் முழு 48,000 வரும், நிகரச் செலவு 4,32,000 ஆகும். ஓப்செட் 1,500 ரூபா நட்டம். ஒரு போகக்காரருக்கு இந்த ஏற்பாடு ஏன் பொருந்துவதில்லை என்பதற்குக் காரணம் எளிது: கூடுதல் வீதத்தை அவர் 12 மாதமும் கட்டுகிறார், பலனை 6 மாதம்தான் காண்கிறார்.

கூடுதல் வீதம் எவ்வளவு வரை தாங்கும் என்ற சமநிலைப் புள்ளியை எவரும் கண்டுபிடிக்கலாம். ஆண்டு முழுவதுக்கும் சராசரியாக எவ்வளவு பணம் கணக்கில் கிடக்கும் என்று பாருங்கள். நம்மவருக்கு அது 6 இலட்சம். கடன் வீதத்துக்கும் வரி போன வைப்பு வீதத்துக்கும் உள்ள இடைவெளி 4.8 வீதம். இரண்டையும் பெருக்கினால் 28,800. அதை, கடனில் இருந்து சராசரிப் பணத்தைக் கழித்த 34 இலட்சத்தால் வகுத்தால் ஏறத்தாழ 0.85 வீதம் வரும். இணைத்த கடனுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம்.

இனிக் கல்முனையில் கட்டடப் பொருள் கடை வைத்திருப்பவரைப் பாருங்கள். அவருக்கும் 40 இலட்சம் கடன். தினமும் விற்ற காசு நடைமுறைக் கணக்குக்குள் போகிறது, கொழும்பு மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்த காசோலைகள் அதிலிருந்து போகின்றன. ஒரு நாள் 2 இலட்சம், இன்னொரு நாள் 18 இலட்சம், சராசரி 10 இலட்சம். காசோலை எந்த நாளும் வரலாம் என்பதால் வைப்பில் பூட்ட முடியாது. வழமையான நடைமுறைக் கணக்கில் வட்டியும் இல்லை. இவருக்கு ஓப்செட் ஆண்டுக்கு 1,20,000 மிச்சம் தரும். கூடுதல் 0.75 வீதத்துக்காக 30 இலட்சத்தின் மேல் 22,500 போனாலும் 97,500 ரூபா நிற்கும். ஒரே ஏற்பாடு, ஒரே வீதம். வயல்காரருக்கு ஒன்றுமில்லை, கடைக்காரருக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம்.

கடனில் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டிவிடுவது மூன்றாவது வழி. ஆண்டு முழுக்கத் தொட வேண்டாத பணத்துக்கு இதைவிட நல்ல இடமில்லை, முன்கொடுப்பனவுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் முதலில் கேட்க வேண்டும். வெள்ளாமைக் காசுக்கு இது ஆகாது. கட்டிய பணம் திரும்பி வராது. ஒக்டோபரில் நகையை அடகு வைக்க வேண்டிவரும்.

நம் ஊர்க் கிளைகளில் ஓப்செட்டுக்கு மிக அருகில் வருவது, காணியை ஈடு வைத்துப் பெறும் மேலதிகப்பற்று. கணக்கில் பணம் விழுந்தால் அன்றே நிலுவை குறையும், எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. கடைக்காரருக்கு உண்மையில் இதுவே போதும். ஆனால் வீதம் பெரும்பாலும் கூடுதல். எல்லையை வங்கி காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யும், வேண்டுமானால் திருப்பியும் கேட்கலாம். எல்லாவற்றையும்விட, முதல் தானாகக் குறையாது. ஐந்து ஆண்டு கழிந்தும் எல்லையின் நுனியிலேயே நிற்பவர்கள் உண்டு. வீட்டுக் கடனை முழுவதும் இதற்கு மாற்றுவதை நான் விரும்பமாட்டேன். ஒரு பகுதியை மாற்றலாம்.

ஓப்செட் எடுத்தவர்கள் முதல் மாதமே குழம்பும் இடம் தவணை. பணம் வைத்த பின்னும் அது அப்படியே இருக்கும். 40 இலட்சத்துக்குப் பத்து ஆண்டுத் தவணை, 12 வீதத்தில் சுமார் 57,388 ரூபா. 30 நாள் மாதத்தில் அதில் 39,452 வட்டிக்கும் 17,936 முதலுக்கும் போகும். 12 இலட்சம் இணைந்திருந்தால் வட்டி 27,616 ஆகக் குறைந்து, 29,772 முதலுக்குப் போகும். தவணையைப் பார்க்காமல், வங்கிக் கூற்றில் வட்டி என்று போட்டிருக்கும் தொகையைப் பாருங்கள். அது எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால், வங்கி நாளாந்த மீதியை எடுக்காமல் மாதத்தின் மிகக் குறைந்த மீதியை எடுத்திருக்கலாம், அல்லது மீதியின் ஒரு பங்கை மட்டும் கழித்திருக்கலாம். கடைக்காரரின் கணக்கு ஒரு நாள் 2 இலட்சத்துக்கு இறங்கினாலே முதலாவது முறையில் அவருடைய மிச்சம் ஐந்தில் ஒன்றாகிவிடும்.

கையெழுத்து வைக்குமுன் இன்னொரு பந்தியையும் தேடிப் படியுங்கள். தவணை தவறினால் உங்கள் கணக்கில் உள்ள பணத்தைக் கேட்காமலே கடனுக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு என்று அது சொல்லும். வெள்ளம் வந்து விளைச்சல் போன ஆண்டில் அடுத்த போகத்துக்கான விதைநெல் காசும் அந்தக் கணக்கில்தான் கிடக்கும் என்றால், அதில் ஒரு பங்கையாவது வேறு வங்கியில் வைப்பது நல்லது, வட்டி குறைந்தாலும்.