எழுதும் கை முறிந்த மாணவிக்கு ஸ்கிரைப் கேட்கும் மூன்று விதக் கடிதங்கள்: எது வேலையை முடிக்கும்?

பொதுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் ஏதாவது ஒரு பிள்ளை வண்டியிலிருந்தோ மாடிப்படியிலோ விழுந்து, எழுதும் கையையே முறித்துக்கொள்வது வருஷாவருஷம் நடக்கிறது. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் அடுத்த கவலை, பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தரும் ஸ்கிரைப் கேட்டுத் தேர்வுத் துறைக்கு என்ன எழுதுவது என்பதுதான். இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்: மனம் உருக எழுதுவது, சட்டம் பேசுவது, தேர்வு மையத்தை மனதில் வைத்து எழுதுவது. மூன்றையும் ஒரே மாணவிக்கு எழுதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஒரு உதாரணத்துக்கு, தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கும் மாணவி என்று வைத்துக்கொள்வோம். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு. செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டது. பிப்ரவரி 20ஆம் தேதி ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது முன்கை எலும்பு முறிந்து, முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் என்கிறார் டாக்டர், அதாவது ஏப்ரல் 3 வரை. தேர்வோ மார்ச் 3 முதல் 25 வரை. ஆக ஒரு தாள்கூட அவள் கையால் எழுத முடியாது.

முதல் வகைக் கடிதம் இப்படி இருக்கும்: "ஐயா, என் மகள் இரவு பகலாகப் படித்தவள். எதிர்பாராத விதமாக விபத்து ஏற்பட்டுக் கையில் பலத்த அடிபட்டுவிட்டது. அவளுடைய எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு, தேர்வு எழுத ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை, பெற்றவர் எழுதினால் இப்படித்தான் வரும். ஆனால் இதை மேசையில் வைத்துப் பார்க்கிற அலுவலருக்கு எந்தக் கை என்று தெரியாது, எழுதும் கையா என்று தெரியாது, எத்தனை நாள் என்று தெரியாது, "ஆவன" என்றால் ஆள் வேண்டுமா, நேரம் வேண்டுமா, தேர்வைத் தள்ளி வைக்க வேண்டுமா என்றும் தெரியாது. அவருக்கு இரக்கம் வந்தாலும், இரக்கத்தை வைத்து உத்தரவு போட முடியாதே. விவரம் கேட்டுப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புவார். தேர்வுக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது என்னும்போது ஒரு முறை போய் வருவதே பெரிய இழப்பு.

இரண்டாவது வகை விவரம் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ எழுதித் தருவது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தீர்ப்பு நிஜமாகவே முக்கியமானது. ரைட்டர்ஸ் கிராம்ப் எனப்படும், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ளவருக்கு, 40 சதவீத ஊனம் என்ற அளவு இல்லை என்பதற்காக யுபிஎஸ்சி தேர்வில் ஸ்கிரைப்பை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு 40 சதவீதத்துக்குக் குறைவானவர்களுக்கும் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது.

ஆனால் நம் மாணவிக்கு இது பொருந்துமா என்பதுதான் கேள்வி. அந்தச் சட்டம் மாற்றுத்திறனாளி என்று சொல்வது நீண்ட காலக் குறைபாடு உள்ளவரை. ஆறு வாரத்தில் கூடிவிடும் எலும்பு அதில் வராது. சட்டத்தைக் காட்டிக் கடிதம் எழுதினால், அலுவலகம் அதே சட்டப்படி மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எங்கே என்று கேட்கும், அது இவளிடம் இருக்காது, யாரும் தரவும் மாட்டார்கள். நல்ல நோக்கத்தோடு எழுதிய கடிதம் கோப்பைத் தவறான பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். திடீர் விபத்து, தற்காலிகமாக எழுத இயலாமை என்று கேட்பதுதான் இவளுக்கான கதவு. சிபிஎஸ்இ இதைத் தனியாகவே வைத்திருக்கிறது: திடீரென உடல்நலம் குன்றி எழுத முடியாமல் போனவர், அசிஸ்டன்ட் சர்ஜன் தரத்துக்குக் குறையாத மருத்துவ அலுவலரின் சான்றோடு எழுதித் தருபவரைக் கேட்கலாம் என்று. அனுமதி மறுக்கப்பட்டு நீதிமன்றம் போகும் நிலை வந்தால் விகாஷ் குமார் தீர்ப்பு வக்கீலுக்கு உதவலாம். முதல் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை.

மூன்றாவது வகைதான் என் தேர்வு. இந்தக் கடிதத்தை உண்மையில் பயன்படுத்தப்போகிறவர் சென்னையில் இருக்கும் இயக்குநர் அல்ல, மார்ச் 3 காலையில் மாணவியைத் தேர்வு மைய வாசலில் பார்க்கப்போகிற முதன்மைக் கண்காணிப்பாளர். அவர் கையில் இருக்கும் உத்தரவில் என்ன இருக்கிறதோ அதை மட்டும்தான் அவர் அனுமதிக்க முடியும். உத்தரவு எழுதுகிறவரோ கடிதத்தில் கேட்டதை ஒட்டித்தான் எழுதுவார். அதனால் உத்தரவில் என்னென்ன இருக்க வேண்டுமோ அதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் பெயரில் போகும் கடிதம் இது:

> பெறுநர்: இயக்குநர், அரசுத் தேர்வுகள் இயக்ககம், சென்னை-6
> வழி: முதன்மைக் கல்வி அலுவலர்
> பொருள்: மேல்நிலை இரண்டாம் ஆண்டு பொதுத் தேர்வு – வலது கை எலும்பு முறிவு – சொல்வதை எழுதுபவர் நியமிக்க அனுமதி கோருதல் – சார்பு.
>
> எம் பள்ளியில் தமிழ் வழியில் பயிலும் மாணவி இன்னாருக்கு (தேர்வு எண், மைய எண்) 20.02 அன்று நேர்ந்த விபத்தில் வலது முன்கை எலும்பு முறிந்து, முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு போடப்பட்டுள்ளது. இவர் வலது கையால் எழுதும் பழக்கமுடையவர். அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவரின் சான்றின்படி 03.04 வரை வலது கையால் எழுத இயலாது. எனவே 03.03 முதல் 25.03 வரையிலான ஆறு தாள்களுக்கும் தமிழில் எழுதக்கூடிய, அந்தந்தப் பாடத்தை நடத்தாத ஒருவரைச் சொல்வதை எழுதுபவராக நியமிக்கவும், மாணவி சொல்வதன்படி படங்கள், வரைபடங்கள் உட்பட வரைய அனுமதிக்கவும், தனி அறையும் கூடுதல் நேரமும் வழங்கவும், கையொப்பத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகை பெறவும் அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவுதான். அழுகை இல்லை, சட்டப் பிரிவு இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

சான்றிதழில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். டாக்டர்கள் பழக்கத்தில் "ஆறு வாரம் ஓய்வு தேவை" என்று எழுதிவிடுவார்கள், அது லீவுக்கு எழுதும் சான்று. ஓய்வு தேவை என்றால் தேர்வுக்கே வர வேண்டாம் என்றுகூட ஒருவர் படிக்கலாம். "வலது கையால் எழுத இயலாது, இன்ன தேதி வரை" என்ற வார்த்தைகள் வேண்டும், தேதி கடைசித் தாளைத் தாண்ட வேண்டும். நான்கு வாரம் என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது மார்ச் 20, அதற்குப் பிறகு வரும் தாளுக்கு மையத்தில் கேள்வி வரும். தனியார் மருத்துவமனையில் கட்டுப் போட்டிருந்தாலும் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் ஒரு சான்று வாங்கிவிடுங்கள், அரை நாள் போனாலும் பரவாயில்லை. வலது கைப் பழக்கம் என்பதை டாக்டர் அறிய வழியில்லை, அதைத் தலைமையாசிரியர்தான் சொல்ல முடியும். கடிதம் பெற்றோர் பெயரில் நேராகப் போவதைவிடப் பள்ளி வழியாகப் போவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அப்பா நேரடியாகச் சென்னைக்கு அனுப்பினாலும், அது சரிபார்ப்புக்காக மாவட்டத்துக்கும் பள்ளிக்கும் திரும்பி வரத்தான் போகிறது. அம்மா அப்பாவின் கையெழுத்திட்ட விண்ணப்பம் இணைப்பாக இருக்கட்டும், முகப்புக் கடிதம் தலைமையாசிரியருடையதாக இருக்கட்டும்.

கூடுதல் நேரத்தைத் தனியாகக் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவது தெரிந்த சலுகை, ஆனால் ஸ்கிரைப் கிடைத்தாலே நேரமும் சேர்ந்து வந்துவிடும் என்று கை முறிந்த மாணவர் நினைத்துக்கொள்ளக் கூடாது. உத்தரவில் எழுதியிருந்தால்தான் உண்டு. ஏன் தேவை என்று கேட்டால் கணக்குத் தாளைப் பார்த்தால் போதும். "ரூட் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒன்" என்று மாணவி சொல்கிறாள். எழுதுபவர் √(x²+1) என்று எழுதலாம், √x² + 1 என்றும் எழுதலாம். அதனால் அவள் "ரூட்டுக்குள்ளே எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒன், ரூட் முடிந்தது" என்று சொல்லி, எழுதியதைப் பார்த்து, தப்பாக இருந்தால் அடிக்கச் சொல்லி, அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். தன் கையால் எழுதினால் சில நொடியில் முடியும் வரிக்கு இங்கே அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் போகிறது. இதை வீட்டிலேயே யாரையாவது உட்கார வைத்துப் பழகிப் பார்ப்பது நல்லது.

அந்தப் பாடத்தை நடத்தாதவர் வேண்டும் என்று நாமே எழுதிவிடுவது சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் செய்கிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கணக்குத் தாளுக்கு வரலாற்று ஆசிரியர் வந்தால் தொகையீட்டுக் குறியைப் போடவே தடுமாறுவார். கணிதக் குறியீடுகளை எழுதப் பழகியவராக இருந்தால் நல்லது என்று தலைமையாசிரியர் முதன்மைக் கல்வி அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்லலாம், கடிதத்திலும் ஒரு வரி சேர்க்கலாம். உயிரியலில் படம், கணக்கில் வரைபடம், இயற்பியலில் மின்சுற்று எல்லாம் மதிப்பெண் உள்ளவை, "படங்கள் உட்பட" என்று இல்லாவிட்டால் அறைக் கண்காணிப்பாளர் தயங்குவார். அவர் தயங்குவதில் தப்பும் இல்லை. தனி அறை எதற்கென்றால், வாய்விட்டுச் சொல்லும் பதில் பக்கத்தில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும்.

கையொப்பம் சின்ன விஷயம் போலத் தெரியும். விடைத்தாளின் முகப்புத் தாளில் மாணவி கையெழுத்துப் போட வேண்டும், வருகைத் தாளிலும் போட வேண்டும். இடது கையால் போட்ட கிறுக்கல் முன்பு போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போகாது. காலை பத்து மணிக்கு, வினாத்தாள் வாசிக்கத் தரும் பத்து நிமிஷத்தில், இதைப் பற்றி அலுவலருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

ஸ்கிரைப் வேண்டாம், இடது கையால் எழுதிவிடுகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. தைரியம் பாராட்ட வேண்டியதுதான், ஆனால் பதினோரு நாளில் மூன்று மணி நேரத் தாளை இடது கையால் எழுதும் வேகம் வராது, நான் சம்மதிக்க மாட்டேன். இன்னொரு வழி, தேர்வை விட்டுவிட்டுத் துணைத் தேர்வில் எழுதுவது. அது மே மாத முடிவுகளுக்குப் பிறகு ஜூன் கடைசி வாக்கில் வரும். பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வு உண்டு என்றாலும் அதற்குள் நல்ல கல்லூரி இடங்கள் பெரும்பாலும் போயிருக்கும். அறுவை சிகிச்சை, காய்ச்சல், தலையில் அடி என்று பிள்ளை உட்காரவே முடியாத நிலை என்றால் துணைத் தேர்வுதான் சரி, அப்போது யோசிக்கவே வேண்டாம். கை மட்டும்தான் முறிந்திருக்கிறது, தலை தெளிவாக இருக்கிறது என்றால் ஸ்கிரைப்தான்.

கடிதம் கொடுத்ததும் பள்ளியில் அனுப்பிய தேதியோடு ஒரு நகல் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், மாவட்டத்தில் இருக்கும் அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கோப்பு வந்துவிட்டதா என்று தலைமையாசிரியரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். உத்தரவு வந்த பிறகு அதில் ஆறு தாள்களும் இருக்கிறதா, கூடுதல் நேரமும் படமும் ரேகையும் இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள், ஏதாவது விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே திருத்தம் கேளுங்கள். முதல் தாளுக்கு முந்தின நாளே உத்தரவு நகலும் மருத்துவச் சான்றும் முதன்மைக் கண்காணிப்பாளர் கையில் இருக்க வேண்டும், எழுதித் தரப்போகிற ஆசிரியர் யார் என்பதும் அன்றைக்கே உறுதியாகியிருக்க வேண்டும்.