ஒரே பின்னணி, 22 போஸ்டர்கள்: மூன்று மார்கழிகளின் அனுபவம்

மூன்று ஆண்டுகளாக ஒரு சபாவின் மார்கழிக் கச்சேரிகளுக்குப் போஸ்டர் செய்து தருகிறேன். ஒரு கச்சேரிக்கு ஒரு போஸ்டர் என்ற கணக்கில், போன ஆண்டு 22. பாடகரின் படம், பெயர், பக்கவாத்தியக்காரர்கள், நாள், நேரம் எல்லாம் போஸ்டருக்குப் போஸ்டர் மாறும். பின்னணி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: அரக்கு நிறம், இடது கீழ் மூலையில் ஒரு புள்ளிக் கோலம், மேலே லேசான பட்டுத் துணி இழை. சபாக்காரர்கள் கடைசி வாரத்தில் மாற்றச் சொல்வதும் அந்தப் பின்னணியைத்தான்.

முதல் ஆண்டு பின்னணியை ஒவ்வொரு கோப்பிலும் உள்ளேயே பதித்து வைத்திருந்தேன். நிறம் மாற்றச் சொன்னபோது ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றி முடிக்க ஒரு இரவு போயிற்று. அதிலும் இரண்டு போஸ்டர்களில் கோலம் சற்றுத் தள்ளி உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஃபோட்டோஷாப்பின் லிங்க்டு ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்கு, அதாவது படத்தை உள்ளே பதிக்காமல் வெளியிலுள்ள கோப்போடு இணைத்து வைக்கும் முறைக்கு, மாறினேன். 2014 முதலே இருக்கும் வசதிதான், நான்தான் தாமதம்.

வேலை முறை எளிது. பின்னணியைத் தனி கோப்பாக, லேயர்களோடு, `pinnani.psd` என்று சேமித்துக்கொண்டேன். முதல் போஸ்டரில் `File > Place Linked` கொடுத்து அதைக் கொண்டுவந்தேன். லேயரின் சிறுபடத்தில் ஒரு சங்கிலிக் குறி தெரிந்தால் அது வெளியிலுள்ள கோப்போடு இணைந்திருக்கிறது என்று பொருள். அந்த முதல் போஸ்டரையே வேறு வேறு பெயரில் சேமித்து மற்ற 21-ஐயும் செய்தேன். இணைப்பும் கூடவே வந்துவிடுகிறது. போஸ்டர்களும் பின்னணியும் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றினாலும் இதுவரை இணைப்பு அறுந்ததில்லை.

கோப்பு அளவு குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: குறைந்தது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியும் பின்னணியின் ஒரு நகலை ஒவ்வொரு போஸ்டரும் தன்னுள் வைத்துக்கொள்கிறது. இரண்டாம் ஆண்டு என்னைக் கவிழ்த்ததும் இந்த நகல்தான்.

அன்று மாலை அரக்கை விட்டு அடர்பச்சை வேண்டும் என்றார்கள். பின்னணிக் கோப்பைத் திறந்து நிறத்தை மாற்றிச் சேமித்தேன். அப்போது திறந்திருந்த ஆறு போஸ்டர்களும் கண்முன்னே பச்சையாயின. அந்த மகிழ்ச்சியில் மற்றவற்றைத் திறந்துகூடப் பார்க்காமல், மொத்தமாக ஏற்றுமதி செய்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். மூடியிருந்த கோப்புகள் தாமாக மாறுவதில்லை. அவற்றைத் திறந்தாலும் பழைய நகலைத்தான் காட்டும். லேயரின் மேல் ஒரு சிறிய மஞ்சள் முக்கோணம் மட்டும் 'மூலம் மாறிவிட்டது' என்று சொல்லும். தானியங்கி ஏற்றுமதியில் அந்த முக்கோணத்தை யார் பார்ப்பது? ஆறு பச்சை, பதினாறு அரக்கு. அச்சகத்தில் ஒருவர் தொலைபேசியில் கேட்டதால் தப்பித்தேன், ஆனால் அதற்குள் இரண்டு போஸ்டர்கள் அச்சாகியிருந்தன. தவறு முழுக்க என்னுடையது.

இப்போது அதற்கென்று, படிகளைப் பதிவு செய்து மீண்டும் ஓட்ட உதவும் ஒரு ஆக்‌ஷன் வைத்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு படிதான்: `Layer > Smart Objects > Update All Modified Content`. பதிவு செய்யும்போது திறந்திருக்கும் கோப்பில் மஞ்சள் முக்கோணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டளை மங்கிக் கிடக்கும், பதிவாகாது. பிறகு `File > Automate > Batch` போய், ஃபோல்டரைக் காட்டி, `Destination` என்ற இடத்தில் `Save and Close` தேர்கிறேன். பிழை வந்தால் நின்றுவிடாமல் இருக்க `Log Errors to File`. 22 கோப்பும் முடிய ஒரு காபி நேரம். ஏற்றுமதி அதற்குப் பிறகுதான், தனி வேலையாக.

இதோடு ஒரு சின்னத் தந்திரமும் சேர்த்துக்கொண்டேன். A3 போஸ்டருக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவோம். வெட்டும்போது அது போய்விடும். பின்னணிக் கோப்பில், வெட்டுப்படும் அந்த ஓரத்தில், 5 புள்ளி அளவில் ஓர் எண் எழுதி வைத்திருக்கிறேன். பின்னணியை மாற்றும்போதெல்லாம் எண்ணையும் ஒன்று கூட்டுகிறேன். ஏற்றுமதியான கோப்பின் ஓரத்தைப் பார்த்தால், அதில் உள்ளது எந்தப் பின்னணி என்று தெரிந்துவிடும். நிறம் பெரிதாக மாறும்போது இது தேவையில்லைதான். கோலத்தில் ஒரு புள்ளி மட்டும் திருத்தப்பட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, எண் கண்டுபிடித்துவிடும்.

அடுத்த பாடம் என் உதவியாளரால் வந்தது. பின்னணிக் கோப்பில் ஓரத்தில் வீணாகக் கிடக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு கிராப் செய்துவிட்டார். 22 போஸ்டரிலும் கோலம் நகர்ந்தது. போஸ்டர் நினைவில் வைத்திருப்பது கோலம் எங்கே இருந்தது என்பதையல்ல, மொத்தப் படத்தையும் எவ்வளவு பெரிதாக்கி எங்கே வைத்தோம் என்பதைத்தான். அதனால் மூலக் கோப்பின் பிக்ஸல் அளவையும் ரெசல்யூஷனையும் முதல் நாள் முடிவு செய்துவிட்டு, பிறகு தொடுவதே இல்லை. வேண்டாத பகுதி இருந்தால் இருக்கட்டும்.

சமூக ஊடகத்துக்கான சதுர வடிவத்தில் மூலையிலிருக்கும் கோலம் பாதி அறுந்துபோகும். அதற்காக இன்னொரு பின்னணிக் கோப்பு தொடங்கினால், மாற்றம் வரும்போது இரண்டிலும் செய்ய வேண்டிவரும். மாறாக, அதே கோப்புக்குள் கோலத்தின் இரண்டு இடங்களையும், லேயர்கள் இருக்கும் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் இரண்டு லேயர் காம்ப்களாகச் சேமித்தேன். போஸ்டரில் அந்த லேயரைத் தேர்ந்து `Properties` பலகையில் எந்தக் காம்ப் வேண்டும் என்று சொல்லிவிடலாம். நிறம் ஒரே இடத்தில் மாறும், கோலம் மட்டும் வடிவத்துக்கேற்ப உட்காரும். இந்த வசதியை இரண்டு ஆண்டு கழித்துத்தான் கவனித்தேன்.

இனி, இந்த முறை தீர்க்காத ஒன்று. பாடகர்களின் படங்களை வெட்டி எடுத்தபோது கூந்தல் ஓரத்தை அரக்கு நிறப் பின்னணிமேல் வைத்துத்தான் சரிபார்த்திருந்தேன். இந்த ஆண்டு வெளிர் சந்தன நிறத்துக்கு மாறியதும், 22-இல் ஐந்து படங்களில் தலைமுடியைச் சுற்றி ஒரு கருத்த கோடு தெரிந்தது. அடர் நிறத்தில் அது ஒளிந்திருந்தது. எழுத்துக்கும் இதே கதி: வெள்ளையில் எழுதிய பெயர்கள் சந்தனத்தின்மேல் காணாமல் போயின. பின்னணி ஒரு நொடியில் மாறிவிட்டது. அந்த ஐந்து முகங்களின் ஓரத்தைத் திருத்த ஒரு பிற்பகல் ஆனது. இப்போது ஒவ்வொரு படத்தையும் வெட்டியவுடன் அடர் நிறம் ஒன்று, வெளிர் நிறம் ஒன்று என இரண்டின் மேலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன்.

சீசன் முடிந்ததும் மூலக் கோப்புகளைச் சபா கேட்கிறது. `File > Package` கொடுத்தால் போஸ்டரையும் அதன் இணைப்புகளையும் ஒரு ஃபோல்டரில் கட்டித் தரும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு போஸ்டர்தான். 22 முறை செய்தால் 22 ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பின்னணி. அடுத்த ஆண்டு ஒன்றை மாற்றினால் மற்றவை மாறாது. ஆகவே அதைத் தொடுவதில்லை. என் ஃபோல்டரையே முழுதாக ஜிப் செய்து, "பெயர் மாற்றாதீர்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறேன். இந்த ஆண்டு திரும்பி வந்தபோது `pinnani.psd` என்பது `pinnani_final.psd` ஆகியிருந்தது. திறந்தவுடன் இணைப்பைக் காணோம் என்று கேட்டது. சபாவோடு வாதாடாமல், பழைய பெயரையே அந்தக் கோப்புக்குத் திரும்ப வைத்தேன்.